இந்த முறை அல்வா எனக்கு

போன செவ்வாய்க்கிழமை என் வேலை போய்விட்டது. பதினைந்து நிமிட மீட்டிங். கேமராவை ஆன் பண்ணச் சொன்னபோதே பாதி புரிந்துவிட்டது. கிளையன்ட் ப்ராஜெக்டை நிறுத்திவிட்டார்கள், டெஸ்டிங் டீமில் 22 பேரில் 14 பேரை அனுப்புகிறார்கள், அதில் நானும் ஒருத்தி. நானாக ராஜினாமா செய்யவில்லை, "பிரேக்" எடுத்துக்கொள்ளவும் இல்லை. லேஆஃப்தான்.

ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் நெல்லை எக்ஸ்பிரஸில் டீமுக்கு ஒரு கிலோ அல்வா கொண்டுபோவேன். ஆறு வருஷம். இப்போது கம்பெனி எனக்கு அல்வா கொடுத்துவிட்டது என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். நல்ல ஜோக், நானும் சிரித்தேன். ஆனால் அது சரியில்லை. மூன்று மாதச் சம்பளம் கொடுத்தார்கள், அனுபவச் சான்றிதழும் கையில் இருக்கிறது.

வீட்டில் சொல்லத்தான் நான்கு நாள் ஆனது. பாளையங்கோட்டைக்கு வந்தும் "வொர்க் ஃப்ரம் ஹோம்" என்று சமாளித்தேன். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, அப்புறம் என்ன வொர்க்? ஐந்தாம் நாள் காலை, இடியாப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டே அம்மா கேட்டாள்: "ஏட்டி, வேல போயிட்டா?" ஆமா என்றேன். "சரி, இன்னும் ரெண்டு வச்சுக்கோ." அவ்வளவுதான். அப்பா மட்டும் சாயங்காலம் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய், கீழ ரத வீதியில் சுடச்சுட நூறு கிராம் வாங்கித் தந்தார். படத்தில் இலையில் இருப்பது அதுதான். விரலில் நெய் ஒட்டியதால் ஃபோகஸ் கொஞ்சம் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயம் இல்லை என்று சொன்னால் பொய். ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி லோன் ஞாபகம் வருகிறது. பகலில் உட்கார்ந்து படிக்கிறேன். இத்தனை வருஷம் "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று தள்ளிப்போட்ட ஆட்டோமேஷன் டெஸ்டிங்கை இப்போதுதான் ஒழுங்காகத் தொட்டிருக்கிறேன். நேற்று என் முதல் ஸ்கிரிப்ட் ஒரு லாகின் பக்கத்தைத் தானாகவே சோதித்து முடித்தது. தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன், "இதுக்கா கத்துன?" என்றாள். வியாழக்கிழமை ஒரு இன்டர்வியூ இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மேனுவல் டெஸ்டிங்கில் ஆறு வருஷம், பேங்கிங் ஆப்கள்தான் அதிகம். ஏபிஐ டெஸ்டிங், எஸ்க்யூஎல் நன்றாகத் தெரியும். ஆட்டோமேஷன் கற்றுக்கொண்டிருக்கிறேன், தெரியும் என்று இன்னும் சொல்லமாட்டேன். சென்னை, பெங்களூரு, வீட்டிலிருந்து, எதுவானாலும் சரி. நாளைக்கே சேர முடியும்.

"எல்லாம் நன்மைக்கே" என்று மட்டும் அனுப்பாதீர்கள். ஓப்பனிங் இருந்தால் லிங்க் அனுப்புங்கள். எனக்குப் பொருந்தாவிட்டாலும் அனுப்புங்கள். என்னோடு வெளியே வந்த ஜூனியர் பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அதில் ஒருத்திக்கு ஜாவா என்னைவிட நன்றாக வரும்.

ஆஃபர் லெட்டர் வாங்கித் தருபவர்களுக்கு ஒரு கிலோ அல்வா. நிஜ அல்வா.