தள்ளும் உத்தியும் இழுக்கும் உத்தியும்: பால் விநியோகச் சங்கிலியை வைத்து ஓர் ஒப்பீடு

பாடம்: விநியோகச் சங்கிலி மேலாண்மை (எம்பிஏ, இரண்டாம் பருவம்)
ஒப்படைப்பு 2
வினா: தள்ளும் உத்தி, இழுக்கும் உத்தி இரண்டையும் ஒரு பால் அல்லது ஆடை நிறுவனத்தின் எடுத்துக்காட்டுடன் ஒப்பிடுக. உங்கள் எடுத்துக்காட்டுக்கு எது ஏற்றது என்று காரணத்துடன் கூறுக.

1. இரண்டு உத்திகள்

வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே, இவ்வளவு விற்கும் என்று கணித்து, பொருளைத் தயாரித்துக் கடைவரை அனுப்பி வைப்பது தள்ளும் உத்தி. மொத்தமாகச் செய்வதால் ஒரு பொருளுக்கு ஆகும் செலவு குறையும். கணிப்பு தவறினால் சரக்கு தேங்கும், இல்லையென்றால் தட்டுப்பாடு வரும். ஆர்டர் வந்த பிறகு, அல்லது விற்ற அளவைப் பார்த்து, அதற்கு ஈடாகத் தயாரிப்பது இழுக்கும் உத்தி. இதில் இருப்பு குறைவாக இருந்தால் போதும். ஆனால் வாடிக்கையாளர் காத்திருக்கத் தயாராக இருக்க வேண்டும், அல்லது நாம் மிக வேகமாகச் செய்து தர வேண்டும்.

நடைமுறையில் எந்த நிறுவனமும் முழுக்கத் தள்ளுவதும் இல்லை, முழுக்க இழுப்பதும் இல்லை. சங்கிலியில் ஏதோ ஓர் இடம் வரை கணிப்பும், அதற்கு அப்பால் ஆர்டரும் வேலையை நடத்துகின்றன. அந்த இடத்தை இந்தக் கட்டுரையில் 'எல்லை' என்று குறிப்பிடுகிறேன்.

ஆடைத் தொழிலில் இந்த எல்லையைப் பார்ப்பது எளிது. பெனட்டன் நிறுவனம் ஸ்வெட்டர்களைச் சாயம் ஏற்றாமல் பின்னி வைத்துக்கொண்டு, எந்த நிறம் விற்கிறது என்று தெரிந்த பிறகு சாயம் போட்டது. பின்னுவது வரை தள்ளல், சாயத்திலிருந்து இழுப்பு. நூலும் துணியும் கிடங்கில் காத்திருக்கும் என்பதால்தான் இது சாத்தியமாயிற்று. காத்திருக்காத ஒரு மூலப்பொருளை எடுத்துப் பார்த்தால் இந்த உத்திகளின் உண்மையான குணம் தெரியும் என்பதால் பாலைத் தேர்ந்தெடுத்தேன். எடுத்துக்காட்டு நிறுவனம் ஆவின்.

2. மாட்டுக்கு ஆர்டர் தெரியாது

ஆவின் மூன்று அடுக்குகளாக இயங்குகிறது. கிராமத்தில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம், அதற்கு மேல் மாவட்ட ஒன்றியம், எல்லாவற்றுக்கும் மேலே சென்னையில் உள்ள இணையம். குஜராத்தின் ஆனந்த் நகரில் உருவான கூட்டுறவு மாதிரியை வைத்து, வெண்மைப் புரட்சித் திட்டம் 1970-இல் தொடங்கிய பிறகு நாடு முழுவதும் பரவிய அமைப்பு இது.

இந்த ஒப்படைப்புக்காக ஈரோடு மாவட்டத்தில் என் அத்தை ஊரில் உள்ள சங்கத்துக்குக் காலைக் கொள்முதல் நேரத்தில் போய்ப் பார்த்தேன். வருகிற பாலில் ஒரு சிறு மாதிரியை எடுத்து எந்திரத்தில் வைக்கிறார்கள். கொழுப்பு எவ்வளவு, கொழுப்பற்ற திடப்பொருள் எவ்வளவு என்று திரையில் தெரிகிறது. லிட்டர், தரம், தொகை மூன்றும் அச்சான சீட்டு உறுப்பினர் கையில் போகிறது. பால் அங்கிருந்து குளிர்விப்பானுக்குப் போய் 4 டிகிரி செல்சியஸுக்கு இறங்குகிறது. அங்கே யாரும் 'இன்று எவ்வளவு வேண்டும்?' என்று கேட்டு அளக்கவில்லை. வந்ததை அளந்தார்கள். கேனோடு நின்ற ஓர் அம்மாவிடம், சங்கம் ஒருநாள் பால் எடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "மாட்டுக்கு லீவு உட முடியுமா கண்ணு? கறக்காம உட்டா மடி கட்டிக்கும்" என்றார்.

விநியோகச் சங்கிலிப் பாடத்தில் நாம் அவ்வளவாகப் பேசாத தள்ளல் இது. பொதுவாகத் தள்ளுவது என்பது மேலாளர் எடுக்கும் முடிவு. கணிப்பு குறைந்தால் எந்திரத்தை நிறுத்தலாம். இங்கே தள்ளுவது கறவை மாடு. அது தினமும் இரண்டு வேளை தள்ளும். கூட்டவும் முடியாது: சினை ஊசி போட்டால் கன்று ஈன ஏறக்குறைய 280 நாள் ஆகும். மழைக்குப் பின் பசுந்தீவனம் கிடைக்கும் மாதங்களில் பால் கூடும். கோடையில் குறையும். அந்தக் கோடையில்தான் தயிருக்கும் மோருக்கும் கேட்பு ஏறும்.

3. பால் அட்டை: இழுப்பின் நல்ல பக்கம்

சங்கிலியின் மறுமுனையில் நிலைமை நேர்மாறு. சென்னையில் ஆவின் மாதாந்திரப் பால் அட்டை தருகிறது. எந்த வகைப் பால், தினமும் எத்தனை பாக்கெட் என்பதை வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லிப் பணமும் கட்டிவிடுகிறார். ஆக, அட்டைக்கான பாலைப் பொறுத்தவரை நாளைய கேட்பு இன்றே எண்ணிக்கையாகக் கையில் இருக்கிறது. பிறகு டெப்போவுக்கு எத்தனை டப் ஏற்ற வேண்டும் என்பது வெறும் கூட்டல் கணக்கு.

இதனால் இரண்டு நன்மைகள். முதலாவது, சாட்டை விளைவு அடங்கிவிடுகிறது. கடைக்காரர் கொஞ்சம் கூட்டிக் கேட்க, முகவர் அதற்கு மேல் கூட்ட, ஆலைக்குப் போகும்போது ஆர்டர் பெரிதாக வீங்கி நிற்பதுதான் சாட்டை விளைவு. அட்டையில் நடுவில் இருப்பவர்கள் கூட்டிக் கேட்க இடமே இல்லை. இரண்டாவது, பணம் முன்னால் வருகிறது. ஓரிரு நாளில் கெட்டுப்போகும் பொருளை விற்கும் நிறுவனத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைப்பது அரிது. செயலிகள் மூலம் தினசரிப் பால் சந்தா விற்கும் புதிய நிறுவனங்களும் இதே தர்க்கத்தில்தான் இயங்குகின்றன.

4. ஒன்றை இழுத்தால் இன்னொன்று தள்ளப்படும்

இதுவரை சொன்னதை வைத்து 'முன்பாதி தள்ளல், பின்பாதி இழுப்பு' என்று விடையை முடித்துவிடலாம். பெரும்பாலான எடுத்துக்காட்டுகளுக்கு அது போதும், பாலுக்குப் போதாது. பால் ஒரே பொருளாக வந்து பல பொருளாகப் பிரிகிறது. ஒரு வகையை ஆர்டருக்கு ஏற்பச் செய்தால், மற்றொன்று யாரும் கேட்காமலே உண்டாகிறது.

ஒரு சிறிய கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் என் அனுமானம். விற்கும் பொருள்களின் கொழுப்பு அளவுகள் மட்டும் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி. ஆலைக்கு 10,000 கிலோ பால் வருகிறது, கொழுப்பு 4.5%. அன்றைய ஆர்டர் முழுவதும் 3% கொழுப்புள்ள சமன்படுத்திய பாலுக்கு, அதாவது நீல பாக்கெட்டுக்கு. 40% கொழுப்புள்ள கிரீமாக x கிலோ பிரித்தெடுத்தால்:

450 − 0.40x = 0.03 (10,000 − x)
x = 150 ÷ 0.37 ≈ 405 கிலோ

அந்த 405 கிலோ கிரீமில் 162 கிலோ கொழுப்பு இருக்கிறது. 80% கொழுப்புள்ள வெண்ணெயாக்கினால், சேதாரம் கழிக்காமல், சுமார் 203 கிலோ. யாரும் ஆர்டர் தராத வெண்ணெய் இது. நீல பாக்கெட்டை வாடிக்கையாளர் இழுத்ததால் வெண்ணெயும் நெய்யும் கிடங்குக்குள் தள்ளப்பட்டிருக்கின்றன. அதே நாளில் 6% கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பாலுக்கும், அதாவது ஆரஞ்சு பாக்கெட்டுக்கும், போதிய ஆர்டர் இருந்தால் அந்தக் கிரீம் அங்கே போய்ச் சேரும். கொழுப்பற்ற திடப்பொருளை 9 சதவீதத்துக்குக் கொண்டுவரக் கொஞ்சம் பால் பவுடர் சேர்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆகவே எந்த பாக்கெட் எவ்வளவு விற்கிறது என்பதை விற்பனைப் பிரிவு மட்டும் பார்த்துக்கொண்டால் போதாது. நெய்க் கிடங்கின் இருப்பைத் தீர்மானிப்பதும் அந்த விகிதம்தான்.

வெண்ணெய், நெய், பவுடர் மூன்றும் இந்தச் சங்கிலியின் காப்பு இருப்பு. பால் மிகும் மாதங்களில் பவுடராக்கி வைத்து, பால் குறையும் மாதங்களில் தண்ணீரும் கொழுப்பும் சேர்த்து மறுபடி பாலாக்குவது பெரிய பால் ஒன்றியங்களில் உள்ள வழக்கம். கணிப்பு வைத்துச் செய்யும் சரக்குதான் என்றாலும், பாக்கெட் பாலை ஆர்டருக்கு ஏற்ப விற்க முடிவது இது பின்னால் நிற்பதால்தான். தீபாவளி இனிப்பு வேறு வகை: அதற்கான நெய்யைக் கணிப்பை நம்பிச் சேர்த்து வைக்க வேண்டும், இனிப்பை அலுவலகங்களின் மொத்த ஆர்டரைப் பார்த்துச் செய்யலாம். அங்கே எல்லை நெய் டின்னில் இருக்கிறது.

5. 2020: இழுப்பு அறுந்தபோது

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்ததும் டீக்கடை, ஓட்டல், கல்யாண மண்டபம் எல்லாம் முடங்கின. வீட்டுக் கேட்பு இருந்தது, ஆனால் கடைக் கேட்பு போய்விட்டது. மாடுகள் வழக்கம்போல் கறந்தன. கேரளத்தில் மில்மாவின் மலபார் ஒன்றியம் ஏப்ரல் 1 அன்று கொள்முதலையே நிறுத்த வேண்டி வந்தது. அடுத்து, நாளொன்றுக்கு 50,000 லிட்டரை ஈரோட்டில் பவுடராக்கித் தரத் தமிழ்நாடு ஒப்புக்கொண்டது. அந்த மே மாதத்தில் பால் கூட்டுறவுகளின் நடைமுறை மூலதனக் கடனுக்கு 2% வட்டி மானியத்தை மத்திய அரசு அறிவித்தது. பவுடரில் முடங்கும் பணத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை அந்த அறிவிப்பிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

இந்த நிகழ்வுதான் என் முடிவை உறுதி செய்தது. விற்பனை குறைந்த அளவுக்குக் கொள்முதலைக் குறைத்துக்கொள்ளும் நிறுவனம் ஏட்டளவில் சரியான இழுக்கும் உத்தியைத்தான் பின்பற்றுகிறது. அதன் இருப்பு குறைவாகவும் கணக்கு ஆரோக்கியமாகவும் தெரியும். மிச்சம் எங்கும் மறைந்துவிடவில்லை, அது மாட்டுக்காரர் வீட்டில் கேனில் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கமோ இயன்றவரை உறுப்பினர் ஊற்றும் பாலை எடுத்துக்கொள்கிறது, சுமையைத் தன் கிடங்கில் ஏற்றிக்கொள்கிறது. இரண்டு நிறுவனங்களின் இருப்புச் செலவை மட்டும் ஒப்பிட்டு, இழுப்பவர் திறமைசாலி என்று மதிப்பெண் போடுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

6. எது ஏற்றது?

பாலுக்குக் கலப்பு உத்திதான் ஏற்றது. எல்லை இருக்க வேண்டிய இடம் ஆலையின் சேமிப்புத் தொட்டி. தொட்டிவரை வரும் பாலை நிபந்தனையின்றி ஏற்க வேண்டும். தொட்டியிலிருந்து பாக்கெட், தயிர், மோர் ஆகியவை ஆர்டரின்படி வெளியேற வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பவுடரும் வெண்ணெயும் வாங்கிக்கொள்ள வேண்டும். கொள்முதலைக் கேட்போடு நேரடியாகக் கட்டிவைக்கும் ஏற்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செய்யத்தக்கவை என்று இரண்டைச் சொல்லலாம். ஒன்று, அட்டை முறையை டீக்கடைகளுக்கும் சிறு ஓட்டல்களுக்கும் வார அளவில் விரிவாக்குவது. வீட்டுக் கேட்பைவிட அதிகம் ஏறி இறங்குவது அவர்கள் கேட்புதான், அவர்களுக்கு மாத அட்டை ஒத்துவராது, வார ஆர்டர் ஒத்துவரும். மற்றொன்று, பவுடர் ஆலையை மதிப்பிடும் முறையை மாற்றுவது. கோடையில் அது பாதி நாள் சும்மா இருக்கிறது என்று பயன்பாட்டு விகிதத்தைக் காட்டிக் குறை சொல்வது எளிது. பால் மிகும் மாதத்தில் எத்தனை லிட்டரைத் திருப்பி அனுப்பாமல் காப்பாற்றியது என்பதை வைத்துத்தான் அந்த ஆலைக்கு அடுத்த ஆண்டு நிதி ஒதுக்க வேண்டும்.