ஆச்சி பக்கத்தில் படுத்தாள்

"ஆச்சி, நேரா இருங்க! மறுபடியும் சாய்ஞ்சுட்டீங்க!"

செண்பகத்தம்மாள் நேராகத்தான் இருந்தாள். சாய்ந்தது டேப்லெட். நீட்டிய காலில் பிறந்து ஐம்பது நாளான பேத்தி படுத்திருக்க, ஒரு கையால் அவளைத் தட்டிக்கொண்டே மறு கையால் டேப்லெட்டைப் பிடித்திருந்தாள். கை வலித்து அதை மெத்தையில் சாய்த்ததும் படம் ஒரு சுற்றுச் சுற்றும். பாளையங்கோட்டை வீட்டின் சுவர் கூரையாகிவிடும், முகிலனும் யாழினியும் பக்கவாட்டில் தொங்குவார்கள். அங்கே அவர்களுக்கு ஆச்சியின் மூக்குத்தி மட்டும் தெரியும், இல்லாவிட்டால் மின்விசிறி.

மகள் கோமதியின் பிரசவத்துக்காகச் செப்டம்பரில் அமெரிக்காவில் இருக்கும் எடிசனுக்கு வந்தவள். ஊருக்குத் திரும்ப இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. தினமும் காலை பதினொரு மணிக்கு அழைப்பு வரும், அங்கே அப்போது இரவு எட்டரை. நவம்பர் முதல் ஞாயிறு அன்று நியூஜெர்ஸியில் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். அப்புறம் அதே எட்டரை இங்கே பத்து மணியானது. நேரத்தையே நகர்த்திவைக்கும் ஊரில் ஒரு படத்தை நேராக நிறுத்த முடியவில்லையே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

முகிலன் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டான். ஆச்சி சாய்ந்தால் அவனும் தலையைச் சாய்ப்பான். யாழினிக்கு ஐந்து வயது, அவளால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. பால் மறந்த நாளிலிருந்து ஆச்சியின் பக்கத்தில் படுத்து, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தூங்கிய பிள்ளை. ஆச்சி விமானம் ஏறிய நாளிலிருந்து அவள் தூங்க மணி பத்தாகிறது என்று மருமகள் உமா சொன்னாள்.

அந்த வாரம் ஒரு நாள் யாழினி அப்பாவின் போனைத் தூக்கிக்கொண்டு நேராகப் படுக்கைக்குப் போய்விட்டாள். தலையணையில் ஒருக்களித்துப் படுத்து, போனையும் தன் முகத்துக்கு நேரே படுக்க வைத்தாள். உடனே படம் உருண்டு எழுந்து உட்கார்ந்துகொண்டது.

"ஆச்சி, நீங்களும் படுங்க."

செண்பகத்தம்மாள் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டுக் கட்டிலில் படுத்தாள். அவள் டேப்லெட்டும் உருண்டது. இவள் படுத்தால் அவள் எழுந்து நிற்கிறாள், அவள் படுத்தால் இவள் நிற்கிறாள். யாழினி உதட்டைப் பிதுக்கினாள்.

"ஆச்சி ஓடி ஓடிப் போறாங்க" என்று அழுதே விட்டாள்.

அழைப்பு முடிந்த பிறகும் அந்தக் குரல் செண்பகத்தம்மாளின் காதில் இருந்தது. கோமதியிடம் சொல்லலாம்தான். ஆனால் இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு இப்போதுதான் கண்ணை மூடியிருக்கிறாள், இதற்காக எழுப்ப மனம் வரவில்லை.

மறுநாள் முகிலன் தனியாக அழைத்தான்.

"ஆச்சி, அது ஏன் சுத்துதுன்னு கண்டுபிடிச்சிட்டேன். உள்ளே ஒரு சென்சார் இருக்கு. பூமி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு அதுக்குத் தெரியும். அதை வச்சு படத்தை நிமிர்த்தி வைக்கும்."

"தாத்தாவோட தூக்குக்குண்டு மாதிரியால?"

முகிலனுக்குத் தூக்குக்குண்டு தெரியாது. கொத்தனாரோடு முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவள் சொன்னாள்: "நூல்ல குண்டைக் கட்டித் தொங்கவிட்டா அது நேரே பூமியைப் பாக்கும். அதை வச்சுத்தான் சுவர் நெட்டுக்கு நிக்குதான்னு தாத்தா பாப்பாக. நூலைத் தரையில போட்டுட்டா குண்டு எங்கே பாக்கும்? அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"அதேதான் ஆச்சி! நீங்க மெத்தையில மல்லாக்கப் போட்டா அதுக்கு எந்தப் பக்கம் மேலேன்னு தெரியல. ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா படம் சுத்தாது. யாழினி போன்லயும் போடணும், உங்களோடதுலயும் போடணும்."

போனில் அவன் ஏற்கெனவே போட்டுவிட்டான். டேப்லெட்டுக்குத்தான் அரை மணி நேரம் ஆனது. மேலிருந்து விரலால் கீழே இழுக்கச் சொன்னான். இழுத்தால் முகிலன் முகம் மறைந்து, பொட்டு பொட்டாகப் படங்கள் வந்து நின்றன. எதைத் தொடுவது? அவள் எட்டாம் வகுப்புவரை படித்தவள், ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்க நேரமாகும். தவறாக ஒன்றைத் தொட்டதில் திரை மங்கிப்போனது.

"ஆச்சி, பீரோ கண்ணாடி முன்னாடி போய் நில்லுங்க. டேப்லெட்டைக் கண்ணாடிக்குக் காட்டுங்க."

நின்றாள். கண்ணாடியில் தெரிந்த திரை பாளையங்கோட்டையில் முகிலனுக்கும் தெரிந்தது, எழுத்துகள் இடவலம் மாறித்தான். பையன் அதையும் படித்துவிட்டான்.

"வட்டமா ரெண்டு அம்பு, நடுவுல ஒரு கட்டம். அதுக்குக் கீழே Auto rotate. அதான், அதைத் தொடுங்க."

தொட்டாள்.

"இப்ப என்ன எழுத்துல ஆரம்பிக்குது? பி-யா, எல்-லா?"

"எல்."

"ஐயோ, Landscape! குறுக்கா பிடிச்சிருக்கீங்க. அப்படியே பூட்டிக்கிடுச்சு."

குறுக்காகப் பூட்டினால் படுக்கும்போது டேப்லெட்டைக் குட்டைப் பக்கத்தில் நிறுத்த வேண்டும், அது விழுந்துவிடும் என்று அவன் யோசித்துச் சொன்னான். பத்து வயதுப் பிள்ளை, தங்கச்சிக்காக இவ்வளவையும் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். அவளுக்குத் தொண்டை அடைத்தது. மறுபடி தொட்டு விடுவித்து, நெடுக்காகப் பிடித்து, திரும்பத் தொட்டாள்.

"பி வந்துட்டு முகிலா. பி, ஓ, ஆர், டி..."

"Portrait! அவ்வளவுதான் ஆச்சி. இனிமே அதைத் தொடாதீங்க."

அன்று முழுவதும் அவள் டேப்லெட்டைத் தொட்ட போதெல்லாம் ஒருமுறை சாய்த்துப் பார்த்தாள். படம் அசையவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அழைப்பு வருவதற்கு முன்பே கட்டிலைச் சரி செய்தாள். சுவரோரம் ஒரு தலையணையை நிறுத்தி, அதன்மேல் டேப்லெட்டை நீளப் பக்கம் கீழே வரும்படி சாய்த்தாள். வயிறு நிறைந்த குழந்தை முதுகுப்பக்கம் தூங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரம் ஏறக்குறைய மொட்டையாகிவிட்டது. செண்பகத்தம்மாள் ஒருக்களித்துப் படுத்தாள்.

அழைப்பு வந்தது. எதிரே ஒரு தலையணை, அதில் யாழினியின் கன்னம். முகத்துக்கு நேரே முகம். இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்திருப்பதுபோல.

யாழினி கொஞ்ச நேரம் பேசவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் தலையை மெல்ல ஆட்டினாள், ஆச்சி ஓடுகிறாளா என்று.

"ஓடலட்டீ. இங்கேதான் இருக்கேன்."

"அணில் கதை."

வேப்பமரத்து அணில், ஆச்சி காயப்போட்ட கூழ்வற்றலைத் திருடிய கதை. நூறு தடவை சொன்னதுதான். வற்றல் காய்ந்து, அணில் இறங்கி, ஆச்சி கம்பை எடுத்துக்கொண்டு வருவதற்குள் யாழினியின் இமைகள் இறங்கிவிட்டன. அவள் விரலில் உமாவின் பழைய துப்பட்டா ஒன்று சுற்றியிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு கோமதி வந்தாள். "என்னம்மா, பகல்ல படுத்திருக்கே? உடம்புக்கு என்ன?"

செண்பகத்தம்மாள் உதட்டில் விரல் வைத்துத் திரையைக் காட்டினாள். கோமதி பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

திரையின் ஓரத்தில் முகிலன் தலை எட்டிப் பார்த்தது. "தூங்கிட்டா ஆச்சி" என்று கிசுகிசுத்தான். "கட் பண்ணிரட்டா?"

"இருக்கட்டும்ல. இன்னும் கொஞ்ச நேரம்."