எட்டாம் வகுப்பு, நேரிய சமன்பாடுகள்: வாக்கியக் கணக்குப் பாடவேளைக்கான கேள்விகள்

டீச்சர், திங்கள்கிழமை மூன்றாம் பாடவேளையை என் சார்பில் நீங்கள் எடுப்பதால் கேள்விகளை முழுசாக எழுதி வைத்திருக்கிறேன். முதலில் பலகையில் இப்படி எழுதிவிடுங்கள்: "இன்று விடை வேண்டாம். சமன்பாடு மட்டும் எழுதுங்கள்."

3x + 5 = 20 என்று நாம் கொடுத்தால் இந்த வகுப்பில் பெரும்பாலோர் x = 5 என்று சொல்லிவிடுவார்கள். பக்கம் மாற்றுவது, குறி மாற்றுவது எல்லாம் தெரியும். அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் போனது அதற்கு முந்தைய வரியில், அதாவது கணக்கைப் படித்து முதல் சமன்பாட்டை எழுதும் இடத்தில். எந்தச் சொல்லில் சறுக்குகிறார்கள் என்று பார்க்கத்தான் இந்தக் கேள்விகள்.

ஒவ்வொரு கேள்விக்கும் எல்லோரும் நோட்டில் எழுதட்டும். வகுப்பைச் சுற்றி வந்து, வேறுவேறாக எழுதிய இரண்டு மூன்று சமன்பாடுகளைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதுங்கள். சரி, தவறு என்று உடனே சொல்ல வேண்டாம். நம் முகத்தைப் பார்த்தே பிள்ளைகள் அழித்துவிடுவார்கள். அழித்துவிட்டால் அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

கேள்வி 1. ஓர் எண்ணை 20இலிருந்து கழித்தால் 8 கிடைக்கிறது.

x − 20 = 8 என்று நிறையப் பேர் எழுதுவார்கள். காதில் விழுந்த வரிசையில் அப்படியே எழுதியது அது. சரியானது 20 − x = 8. "கையில் முதலில் இருந்தது எது? அதிலிருந்து எடுத்தது எது?" என்று கேளுங்கள். அப்புறம் இதன் ஜோடியைக் கொடுங்கள்: "ஓர் எண்ணிலிருந்து 20ஐக் கழித்தால் 8 கிடைக்கிறது." இரண்டுக்கும் ஒரே சமன்பாட்டை எழுதும் பிள்ளை வேற்றுமை உருபைக் கவனிக்கவில்லை, வரிசையை மட்டும் பார்க்கிறது. இரண்டாவதை மட்டும் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை சரியாக எழுதியிருக்கும், நாமும் புரிந்துவிட்டது என்று நகர்ந்திருப்போம். அதனால் ஜோடியாகவே கேட்க வேண்டும்.

கேள்வி 2. ஓர் எண்ணுடன் 4ஐக் கூட்டி, வந்ததை 3ஆல் பெருக்கினால் 27.

அடைப்புக்குறி இல்லாமல் x + 4 × 3 = 27 என்று வரும். "3ஆல் எதைப் பெருக்குகிறாய்? விரல் வைத்துக் காட்டு" என்றால் போதும். 4ஐ மட்டும் தொடுகிறதா, x + 4 முழுவதையும் தொடுகிறதா என்பதில் தெரிந்துவிடும். இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி 3. மாலாவிடம் 40 ரூபாய் இருக்கிறது. அது கண்ணனிடம் இருப்பதைவிட 12 ரூபாய் அதிகம். கண்ணனிடம் இருப்பது k.

k = 40 + 12 என்று கட்டாயம் வரும். "அதிகம் என்றால் கூட்டு, குறைவு என்றால் கழி" என்று சின்ன வகுப்பில் நாம்தான் மனப்பாடம் செய்ய வைத்தோம். அந்த அட்டவணை சில வகுப்புச் சுவர்களில் இன்னும் தொங்குகிறது. அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுதுவதற்கு முன்பே கேளுங்கள்: "இரண்டு பேரில் யாரிடம் பணம் அதிகம்?" மாலாவிடம் என்று சொல்வார்கள். "அப்படியென்றால் கண்ணனிடம் 52 ரூபாய் இருக்க முடியுமா?" அதன் பிறகு k + 12 = 40 தானாக வரும்.

கேள்வி 4. ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு 35 மாணவர் வீதம் இருக்கிறார்கள். ஆசிரியர்களின் எண்ணிக்கை a, மாணவர்களின் எண்ணிக்கை m. இரண்டையும் இணைத்து ஒரு சமன்பாடு எழுது.

பாதிப் பாடவேளை இதற்கே போனாலும் பரவாயில்லை. 35m = a என்று எழுதுவார்கள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் எழுதுவார்கள். அவர்களை மந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். 1980 வாக்கில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளெமென்ட் குழுவினர் இதே வகைக் கேள்வியை, ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர் என்று வைத்து, முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் தவறவிட்டார்கள். பெரும்பாலோர் செய்த தவறு இதே தலைகீழ்தான்.

m என்ற எழுத்தைப் பிள்ளைகள் எண்ணாகப் பார்ப்பதில்லை, "மாணவர்" என்ற சொல்லின் சுருக்கமாகப் பார்க்கிறார்கள். 35m என்றால் அவர்கள் மனசில் "35 மாணவர்", a என்றால் "ஓர் ஆசிரியர்". இதை வெளியே கொண்டுவரப் பேச்சு இப்படிப் போகட்டும்:

"m என்றால் என்ன?"
"மாணவர், டீச்சர்."
"மாணவரா, எத்தனை மாணவர் என்ற எண்ணா?"
(இங்கே கொஞ்சம் காத்திருங்கள்.)
"எண்ணிக்கை, டீச்சர்."
"சரி. பள்ளியில் 4 ஆசிரியர் இருந்தால் m எவ்வளவு?"
"140."
"நீ எழுதியதில் m இருக்கும் இடத்தில் 140ஐப் போடு."
"35 × 140... 4900."
"அது a-க்குச் சமம் என்கிறாய். a எவ்வளவு?"
"4."

இதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம், பிள்ளையே அழித்து m = 35a என்று எழுதும். நாம் முந்திக்கொண்டு திருத்தினால் அடுத்த கணக்கில் அதே தவறு திரும்ப வரும். பிறகு எழுத்துகளை x, y என்று மாற்றி இன்னொரு முறை கேளுங்கள். அப்போதும் 35ஐத் தவறான பக்கத்தில் போடுகிறவர்களுக்கு எழுத்து மட்டும் காரணம் இல்லை, சொல்வரிசையையும் பின்தொடர்கிறார்கள்.

கேள்வி 5. உண்டியலில் 5 ரூபாய், 2 ரூபாய் நாணயங்கள் மட்டும் இருக்கின்றன. மொத்தம் 20 நாணயங்கள், 64 ரூபாய். 5 ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கை x.

5x + 2x = 64 என்று வந்தால், இரு வகை நாணயமும் ஒரே அளவு என்று பிள்ளை எண்ணிவிட்டது. x + 2 = 64 மாதிரி வந்தால் எண்ணிக்கையும் பணமும் குழம்பிவிட்டன. "x என்பது நாணயமா, ரூபாயா? 5x?" என்று கேட்டுவிட்டு, "இருபதில் x போனால் மீதி?" என்று தொடருங்கள். 5x + 2(20 − x) = 64 வர வேண்டும்.

கேள்வி 6. அப்பாவின் வயது மகன் வயதைப் போல 4 மடங்கு. 6 ஆண்டுகளுக்குப் பின் அது 3 மடங்காக இருக்கும்.

4x + 6 = 3x என்று எழுதுகிறவர்களிடம் "6 ஆண்டில் அப்பாவுக்கு மட்டும்தான் வயது ஏறுமா?" என்று கேளுங்கள். அப்புறம் 4x + 6 = 3x + 6 என்று திருத்துவார்கள். அது அடைப்புக்குறிச் சிக்கல், கேள்வி 2க்குத் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி 7. 10% தள்ளுபடி போக ஒரு சட்டை 450 ரூபாய். விலைச்சீட்டில் இருந்த விலை x.

x = 450 + 45 என்பதுதான் வழக்கமான பதில். "பத்து சதவீதம் எந்த விலையில்?" என்று மட்டும் கேளுங்கள். நம்பாதவர்கள் 495இல் 10% கழித்துப் பார்க்கட்டும். 445.50 வரும்.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுங்கள். இப்போது தலைகீழாக: "3(x − 2) = 24. இதற்கு ஒரு கணக்கை உன் சொந்த வார்த்தையில் எழுது." ஓர் எண்ணின் மூன்று மடங்கிலிருந்து 2ஐக் கழித்தால் 24 என்று எழுதியவர்கள் தனி அடுக்கு, கதையே இல்லாமல் "x மைனஸ் 2 இன்டு 3" என்று எழுத்துக்கூட்டியவர்கள் இன்னோர் அடுக்கு, சரியாக எழுதியவர்கள் மூன்றாவது. மதிப்பெண் போட வேண்டாம். அடுக்குகளை ரப்பர் பேண்ட் போட்டு என் மேசை இழுப்பறையில் வைத்துவிடுங்கள், புதன்கிழமை அந்த அடுக்குகளின்படியே குழு பிரித்து உட்கார வைக்கிறேன்.