பங்குகளைத் திரும்ப வாங்குதல்: வினாக்களும் செய்முறை விடைகளும்

பட்டியலிடப்படாத ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பு (ரூபாயில்):

நேர்மைப் பங்கு முதல் (ரூ.10 வீதம் 10,00,000 பங்குகள், முழுதும் செலுத்தப்பட்டவை) 1,00,00,000, பத்திர முனைமம் 20,00,000, பொதுக் காப்பு 60,00,000, இலாப நட்டக் கணக்கு வரவிருப்பு 20,00,000, ஈடுள்ள கடன் 2,00,00,000, ஈடற்ற கடன் 80,00,000. சொத்துப் பக்கம்: வங்கி 35,00,000, முதலீடுகள் 20,00,000, பிற சொத்துகள் 4,25,00,000.

பங்கு ஒன்றுக்கு ரூ.40 கொடுத்துத் திரும்ப வாங்க நிறுவனம் விரும்புகிறது. சங்க நடைமுறை விதிகள் இடம் தருகின்றன. சிறப்புத் தீர்மானமும் நிறைவேறிவிட்டது.

வினா 1. அதிகபட்சம் எத்தனை பங்குகளை வாங்கலாம்?

2013 நிறுவனச் சட்டத்தின் பிரிவு 68 மூன்று வரம்புகளை வைக்கிறது. மூன்றில் சிறியதே விடை.

பங்கு வரம்பு: ஒரு நிதியாண்டில் செலுத்திய நேர்மைப் பங்கு முதலில் 25%. அதாவது 2,50,000 பங்குகள்.

நிதி வரம்பு: செலுத்திய முதலும் தடையற்ற காப்புகளும் சேர்ந்த தொகையில் 25%. இப்பிரிவுக்குப் பத்திர முனைமமும் தடையற்ற காப்பில் அடங்கும். 2,00,00,000 × 25% = 50,00,000; ரூ.40 வீதம் 1,25,000 பங்குகள். (வெறும் இயக்குநரவைத் தீர்மானம் மட்டும் இருந்திருந்தால் 10%தான், 50,000 பங்குகள்.)

கடன் வரம்பு: வாங்கிய பின் கடன், முதலும் தடையற்ற காப்பும் சேர்ந்ததைப் போல் இரு மடங்குக்கு மேல் போகக் கூடாது. கடன் 2,80,00,000, எனவே 2,00,00,000இல் குறைந்தது 1,40,00,000 மிஞ்ச வேண்டும், 60,00,000 வரை குறையலாம். இங்கேதான் மாணவர்கள் வழுக்கி விழுகிறார்கள். 60,00,000ஐ 40ஆல் வகுத்து 1,50,000 என்று எழுதிவிட்டு, நிதி வரம்பின் 1,25,000தான் விடை என முடித்துவிடுவார்கள். ஒரு பங்கை வாங்கினால் ரூ.40 மட்டும் குறைவதில்லை, முகமதிப்பான ரூ.10 தடையற்ற காப்பிலிருந்து முதல் மீட்புக் காப்புக்கும் போகிறது. அந்தக் காப்பு தடையற்றது அல்ல. ஆகவே பங்குக்கு ரூ.50 குறையும்: 60,00,000 ÷ 50 = 1,20,000 பங்குகள்.

விடை: 1,20,000 பங்குகள், ரூ.48,00,000.

வினா 2. நிதி ஆதாரங்கள் யாவை? பதிவுகள் தருக. முதலீடுகள் ஏட்டு மதிப்பிலேயே விற்கப்பட்டன.

சட்டம் அனுமதிக்கும் ஆதாரங்கள்: தடையற்ற காப்புகள், பத்திர முனைமம், புதிய பங்கு அல்லது குறிப்பிட்ட பத்திர வெளியீட்டுத் தொகை. முன்பு வெளியிட்ட அதே வகைப் பங்கின் தொகையை மட்டும் பயன்படுத்தக் கூடாது. ஆதாரம் வேறு, ரொக்கம் வேறு: பொதுக் காப்பிலும் இலாப நட்டக் கணக்கிலுமாக 80 இலட்சம் இருந்தாலும் வங்கியில் 35 இலட்சம்தான். அதனால்தான் முதல் பதிவு.

வங்கி க/கு ப 20,00,000
  முதலீடுகள் க/கு வ 20,00,000

நேர்மைப் பங்கு முதல் க/கு ப 12,00,000
பத்திர முனைமம் க/கு ப 20,00,000
பொதுக் காப்பு க/கு ப 16,00,000
  நேர்மைப் பங்குதாரர் க/கு வ 48,00,000
(முகமதிப்பும், பங்குக்கு ரூ.30 வீதம் முனைமம் 36,00,000உம்)

நேர்மைப் பங்குதாரர் க/கு ப 48,00,000
  வங்கி க/கு வ 48,00,000

பொதுக் காப்பு க/கு ப 12,00,000
  முதல் மீட்புக் காப்பு க/கு வ 12,00,000
(பிரிவு 69)

சரிபார்ப்பு: முதல் 88,00,000; பொதுக் காப்பு 32,00,000; இலாப நட்டக் கணக்கு 20,00,000. கூட்டினால் 1,40,00,000, கடனில் சரிபாதி. வங்கியில் 7,00,000 மிச்சம்.

வினா 3. இதற்காகவே ரூ.10 மதிப்புள்ள 50,000 முன்னுரிமைப் பங்குகளை முகமதிப்பில் வெளியிட்டிருந்தால்?

அந்த 5,00,000க்கு முதல் மீட்புக் காப்பு தேவையில்லை. காப்புக்கு மாற்றுவது 7,00,000 மட்டும். வெளியீட்டுக்கு வங்கி ப, முன்னுரிமைப் பங்கு முதல் வ என்று ஒரு பதிவு கூடும். மற்றவை மேலே உள்ளபடியே.

வினா 4. முதல் மீட்புக் காப்பிலிருந்து பங்காதாயம் தரலாமா? 11 பங்குகளுக்கு 1 வீதம் ஊக்கப் பங்கு தரலாமா? (வினா 2இன் நிலையில்)

பங்காதாயத்துக்கு இடமில்லை. முழுதும் செலுத்தப்பட்ட ஊக்கப் பங்குகள் வெளியிடலாம். அதே வகைப் பங்கை ஆறு மாதம் வெளியிடக் கூடாது என்ற தடையும் ஊக்கப் பங்குக்குப் பொருந்தாது. மிஞ்சிய 8,80,000 பங்குகளுக்கு 80,000 ஊக்கப் பங்குகள்:

முதல் மீட்புக் காப்பு க/கு ப 8,00,000
  பங்குதாரர் ஊக்கப் பங்கு க/கு வ 8,00,000

பங்குதாரர் ஊக்கப் பங்கு க/கு ப 8,00,000
  நேர்மைப் பங்கு முதல் க/கு வ 8,00,000

முதல் மீட்புக் காப்பில் மீதி 4,00,000.