புதன், ஞாயிறு: உன் திட்டத்தைப் பார்த்தேன்

தம்பி,

நீ அனுப்பிய ஜிம் கொப்பிப் பக்கங்களை வாசித்தேன். உடம்பு ஏற்றக் கிழமைக்கு இரண்டு நாள் போதுமா என்று கேட்டிருந்தாய். போதும். ஆனால் இப்போது எழுதி வைத்திருக்கிற மாதிரியே செய்தால், தையில் அக்கா கல்யாணத்துக்கும் சட்டை தோளில் தொங்கத்தான் செய்யும்.

நாட்களை நன்றாகத்தான் பிடித்திருக்கிறாய். புதனுக்கும் ஞாயிறுக்கும் நடுவில் உடம்பு ஆறிவிடும். பிழை, பிரித்த விதத்தில். புதன் நெஞ்சும் கையும், ஞாயிறு முதுகும் காலும். கிழமைக்கு ஐந்து நாள் போகிறவனுக்கு அது சரி. உனக்கோ ஒரு புதன் பஸ் தவறினால் நெஞ்சுக்குப் பதினான்கு நாள் லீவு. அதனால் இரண்டு நாளும் முழு உடம்பையும் செய். நெஞ்சுக்கு ஒரே நாளில் ஒன்பது செட் போட்டிருக்கிறாய். கடைசி மூன்றில் கை தானாக ஆடுகிறது, அவ்வளவுதான். அதே ஒன்பதை ஐந்தும் நான்குமாகப் பிரித்தால் ஒவ்வொரு செட்டிலும் பலம் இருக்கும்.

ஸ்குவாட்டை ஞாயிறு கடைசியில், இரண்டே செட் வைத்திருக்கிறாய். லயத்துக்கு ஏறி இறங்குவதே காலுக்குப் போதும் என்கிறாய். அதில் மூச்சு பழகும், தொடை பெருக்காது. எங்கள் ஊரில் மலை ஏறாதவர் யார், எத்தனை பேருக்குத் தொடை இருக்கிறது? ஸ்குவாட்டை முதலில் வை. குளிர் நாளில் வெறும் கம்பியோடு இரண்டு செட் செய்து சூடாக்கிக்கொள்.

எனக்குக் கவலை தந்தது வேறு. ஐந்து கிழமையாக பெஞ்ச் பிரஸ் வரியில் ஒரே எழுத்து: 40 கிலோ, 10, 10, 10. மூன்று செட்டும் ஒரே எண்ணில் நிற்கிறது என்றால் நீ பத்தில் நிறுத்துகிறாய், உடம்பு நிறுத்தவில்லை. இன்னும் ஒன்றிரண்டுதான் முடியும் என்கிற இடம் வரை போ. மூன்று செட்டும் 12 வந்ததும் 2.5 கிலோ ஏற்று. எண்ணிக்கை கொஞ்சம் இறங்கும், இறங்கட்டும். அங்கிருந்து திரும்ப 12க்கு ஏறு.

நேரம் 50 நிமிடம்தான் என்றால் பிரஸ் ஒரு செட், ஒரு நிமிடம் விட்டு ரோயிங் ஒரு செட் என்று மாற்றி மாற்றிச் செய். ஒன்று செய்யும்போது மற்றது ஆறும். அப்புறம் பைசெப்ஸ் கர்லுக்கு இரண்டு செட் போதும். இப்போது ஆறு போட்டிருக்கிறாய், கண்ணாடியில் கை பெரிதாகத் தெரிய வேண்டும் என்கிற ஆசை செய்கிற வேலை அது.

சாப்பாடு: 62 கிலோவுக்கு நாளுக்கு 100 கிராம் அளவு புரதம் வேண்டும். காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் மட்டும் என்றால் கிட்டவும் வராது. மூன்று முட்டையில் 18 கிராம், காய்ந்த சோயா மீட் 50 கிராமில் ஏறக்குறைய 25. மிச்சத்துக்குப் பருப்பு, நெத்தலி, பால், சம்பள நாளில் கோழி. பவுடருக்குக் காசு கொடுக்காதே.

பஸ்ஸுக்கு நேரமாகிற புதன்களில் கர்லை விடு, ஸ்குவாட், பிரஸ், ரோயிங் மூன்றையும் முடித்துவிட்டு ஓடு. நாலு கிழமை கழித்துக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பு. பெஞ்ச் வரியைத்தான் முதலில் பார்ப்பேன்.

அண்ணன்