பட்டறை மண்

வா தம்பி, உள்ளே வா. செருப்போடு நிற்காதே. காலைத் தட்ட வேண்டாம், அது வெளியே போகும்போதுதான். உட்கார். கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அப்பாவை உரித்து வைத்திருக்கிறாய். மஞ்சள் பையும் கையுமாக வந்திருக்கிறாய் என்றால் ஏதோ அவசரம். பணமா? கூச்சப்படாமல் கேட்கலாம். உங்கப்பன் என்னிடம் 14 வருஷம் வேலை பார்த்தவன். இருக்கிற இடத்தில் இல்லையென்று சொல்கிற ஆள் நான் இல்லை.

இரு, முதலில் டீ வரட்டும்.

இந்த சிவதாபுரத்தில் வீட்டுக்கு வீடு பட்டறை இருந்த காலம் அது. தெருவில் நடந்தால் இந்தப் பக்கம் கம்பி இழுக்கிற சத்தம், அந்தப் பக்கம் பற்றவைக்கிற நெருப்பு. இங்கே செய்கிற கொலுசு எந்தெந்த ஊர்ப் பெண்கள் காலிலோ போய் ஒலிக்கும். அதில் உங்கப்பன் பற்றவைத்த கொலுசைத் தனியாக எடுத்து வைத்துவிடலாம். கண்ணி எங்கே சேர்ந்தது என்று நகத்தால் தடவினாலும் தெரியாது. நான் சொல்லிக்கொடுத்ததுதான், ஆனால் என் கைக்கே அந்தச் சுத்தம் வராது. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

என் மகளை அவன்தான் தூக்கி வளர்த்தான். ஆடியில் குகையில் வண்டி வேடிக்கை என்றால் அவன் தோளில்தான் உட்காருவாள். சாமி வேஷம் போட்டவர்கள் வண்டியில் வருவதை அங்கிருந்தே பார்ப்பாள். நான் கூட்டத்தில் போகமாட்டேன், கல்லாவை விட்டு நகர முடியாது. 2005 ஆடியில்தான் அவள், மாமா எங்கே, மாமா எங்கே என்று அழுது ராத்திரியெல்லாம் சாப்பிடவில்லை. குழந்தைக்கு என்ன தெரியும்?

நீ அப்போது சின்னப் பையன். உனக்குத் தப்பாகச் சொல்லியிருப்பார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். காலையில் கொடுத்த கம்பிச் சுருளும் சாயங்காலம் திரும்பி வந்த சரக்கும் ஒத்துப்போக வேண்டும். சேதாரம் போக மிச்சம் தராசில் நிற்க வேண்டும். அன்றைக்கு 60 கிராம் நிற்கவில்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். தராசுக்கு ஆள் தெரியாது தம்பி. உன் அப்பன் என்றும் என் அப்பன் என்றும் அது பார்க்காது.

அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இல்லை முதலாளி, நான் எடுக்கவில்லை என்று ஒரு தடவை சொன்னான். அவ்வளவுதான். எடுக்காதவன் கத்த மாட்டானா? நான் கத்தியிருப்பேன். அவன் சட்டையைக் கழற்றி உதறிக் காட்டிவிட்டு நின்றான். கழற்றச் சொன்னது நான் இல்லை, மற்ற பையன்கள்தான். நான் கல்லாவில்தான் இருந்தேன்.

ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. குடும்பஸ்தன், கைக்குழந்தை வேறு. கிராம் பன்னிரண்டு ரூபாய்கூட விற்காத காலம், வாரம் எழுபது ரூபாய் வீதம் பத்து சனிக்கிழமை பிடித்துக்கொண்டேன், வட்டி கிடையாது. பத்தாவது சனிக்கிழமை கணக்குத் தீர்ந்ததும் குறடு, ஊதுகுழல் எல்லாம் துடைத்து வைத்துவிட்டு எழுந்து போனான். நான் போகச் சொல்லவில்லை. இருடா என்றும் சொல்லவில்லை, அது உண்மை. முதலாளி இறங்கிப் பேசினால் நாளைக்குப் பட்டறை நடக்குமா?

வேறு இடத்தில் ஏன் வேலை கிடைக்கவில்லை என்று என்னைக் கேட்டால் எப்படி? செவ்வாய்ப்பேட்டையில் இரண்டு மூன்று பேர் விசாரித்தார்கள். ஆள் நல்ல வேலைக்காரன், எடையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். இதில் பொய் இருக்கிறதா?

அப்புறம் ஏற்காட்டுக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறானாம், மிளகுக்கொடி ஏறுகிறானாம். அந்தக் கையா? ஒரு தடவை வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன், உனக்குத் தெரியாது. இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி ஏரிக்கரை வரைக்கும் போய்விட்டேன். டீ குடித்தேன். குளிர் தாங்கவில்லை, திரும்பிவிட்டேன். 2011, தை மாசம். பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்தது, ரோட்டோரம் பெண்கள் கூடையோடு போனார்கள். அந்த மாசம்தான் இங்கே தரை பேர்த்து டைல்ஸ் போட்டோம், அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தரை பேர்த்தால் சும்மா கொட்டிவிட மாட்டோம். பட்டறை மண்ணுக்கு விலை உண்டு. ராவின பொடி, உடைந்த கண்ணி எல்லாம் வருஷக்கணக்காக உள்ளே இறங்கியிருக்கும். அரிப்புக்காரர்கள் வந்து மண்ணை அள்ளி, அரித்து, உருக்கி எடுப்பார்கள். அந்த ஜன்னலோரம் மட்டும் அவர்களை விடவில்லை. உங்கப்பன் உட்கார்ந்த இடம் அது. பட்டடைக் கட்டையை நானே நகர்த்தினேன். கட்டைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து. அதில் கிடைத்ததை அரிக்க வேண்டிய வேலையே இல்லை, கறுத்துப்போயிருந்தது, துடைத்தேன், அவ்வளவுதான்.

மண்ணில் கிடைத்தது முதலாளிக்கு என்பது ஊர் வழக்கம். ஆனாலும் நான் அதைத் தொழிலில் போடவில்லை. ஒரு காமாட்சி விளக்கு செய்யச் சொல்லி சாமிக்கு வைத்துவிட்டேன். அதோ, நடுவில் எரிகிறதே. 58 கிராம். தினமும் நான்தான் எண்ணெய் ஊற்றுவேன், வீட்டில் வேறு யாரையும் தொட விடமாட்டேன். என் சம்சாரம்கூடக் கேட்டாள், வீட்டில் இத்தனை விளக்கு இருக்க இது எதற்கு என்று. எல்லாவற்றையும் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

டீயைக் குடி, ஆறுகிறது. அப்பா எப்படி இருக்கிறான்? நெஞ்சு சளி இருக்கிறதா? பற்றவைக்கிறவர்களுக்கு எல்லாம் வருவது, எனக்கும் இருக்கிறது. என்னைப் பற்றி ஏதாவது பேசுவானா? இல்லை, சும்மா கேட்டேன். தரை பேர்த்தது அவனுக்குத் தெரியுமா?

சரி, எவ்வளவு வேண்டும், சொல்.

என்ன இது, தட்டு எடுக்கிறாய்? வெற்றிலை பாக்கு... பத்திரிகையா? கல்யாணமா உனக்கு? இதை முதலிலேயே சொல்லக்கூடாதா தம்பி, நான்பாட்டுக்கு என்னென்னவோ பேசிக்கொண்டிருக்கிறேனே. முதல் பத்திரிகை எனக்கா? அப்பா சொல்லி அனுப்பினானா? தொழில் கற்றுக்கொடுத்தவருக்கு முதலில் வை என்றா சொன்னான்? வேறு ஒன்றும் சொல்லவில்லையா? யோசித்துப் பார்த்துச் சொல்.

வருகிறேன். வரப் பார்க்கிறேன். முகூர்த்த நாளில் இங்கே ஆர்டர் நெருக்கும்.

இரு, வெறுங்கையோடு போகாதே. பொண்ணுக்கு ஒரு ஜோடி கொலுசு தருகிறேன். இது 90 கிராம் இருக்கும்... வேண்டாம், இது முத்து அதிகம், சத்தம் போடும். இதோ, இது. தராசில் வைக்கிறேன், நீயே பார். 60. சரியாக இருக்கிறது பார். அப்பாவிடம் எடையைச் சொல்ல வேண்டாம். இல்லை, சொல். எடையை மட்டும் சொல், போதும்.

ஏன், எடுத்துக்கொள்ள மாட்டாயா? அப்பா எதுவும் வாங்கக்கூடாது என்றானா? அவன் சொல்லவில்லை என்றால் நீயாகவா வேண்டாம் என்கிறாய்? சின்னப் பையன் நீ. அந்த விளக்கை ஏன் அப்படிப் பார்க்கிறாய்? நான்தான் சொன்னேனே, அது மண்ணில் கிடைத்தது.

சரி, போய் வா. இருட்டுவதற்குள் மலை ஏறிவிடு. வாசலில் மிதியடி இருக்கிறது, காலைத் தட்டிவிட்டுப் போ தம்பி. எல்லாருக்கும் சொல்வதுதான்.