ஆச்சி டிக்கெட்டுக்கான மெயில், தமிழ்க் குறிப்பு

மக்களே, ஏர்லைன்ஸுக்குப் போக வேண்டிய விஷயம் இதுதான், நீ இங்கிலீஷில் ஆக்கி என் மெயிலிலிருந்தே இன்றைக்கு அனுப்பிவிடு. வீல்சேருக்கு 48 மணி நேரம், சாப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்னால் சொன்னால் போதும் என்பார்கள், ஆனால் கடைசி நாள் வரை இழுக்க வேண்டாம். சப்ஜெக்டிலேயே புக்கிங் நம்பர் K7QX2M போட்டு, வீல்சேர் WCHS, சைவ உணவு என்று எழுது.

இனி மெயில்:

ஐயா, என் அம்மா செல்லம்மாள், வயது 74, பிப்ரவரி 18 அன்று திருவனந்தபுரத்திலிருந்து தோஹா வழியாக மான்செஸ்டர் போகிறார், தனியாக. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதளத்தில் கொஞ்ச தூரம் நடப்பார், விமானத்துக்குள் தன் சீட்டுக்கும் டாய்லெட்டுக்கும் தானே போய்விடுவார், படி மட்டும் ஏறவோ இறங்கவோ முடியாது. ஆகவே படி ஏறக்கூடியவர்களுக்கான WCHR போதாது, படி ஏற முடியாதவர்களுக்கான WCHS என்று பதிவு செய்யவும். விமானம் தூரத்தில் நின்று பஸ்ஸில் கொண்டுபோவதாக இருந்தால் படியில்லாமல் விமான வாசலுக்குத் தூக்கிவிடும் ஆம்புலிஃப்ட் வண்டி வேண்டும். திருவனந்தபுரம் செக்-இன் கவுன்ட்டரிலிருந்து தோஹாவில் அடுத்த கேட் வரைக்கும், பிறகு மான்செஸ்டரில் பெட்டி எடுத்து வெளியே வரும் வரைக்கும் உதவி தேவை. அம்மாவுக்குத் தமிழும் மலையாளமும்தான் தெரியும்.

சாப்பாடு: அம்மா முட்டை கூடத் தொடாத சைவம், சர்க்கரை நோயும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கான DBML உணவைச் சைவமாகத் தர முடியுமா? முடியாது என்றால் திரும்பக் கேட்க வேண்டாம், இரண்டு விமானத்துக்கும் AVML என்ற ஆசிய சைவ உணவைப் போட்டுவிடவும், இனிப்பை அவரே ஒதுக்கிவிடுவார். இன்சுலின் பேனாவும் டாக்டர் கடிதமும் கைப்பையில் இருக்கும். தட்டு முன்னால் வரப்போகிறது என்று தெரிந்த பிறகே ஊசி போடுவார் என்பதால், பரிமாறும் நேரத்தைப் பணியாளர் முன்கூட்டிச் சொன்னால் நல்லது. மடக்கும் வாக்கர் ஒன்று வரும், அதை லக்கேஜ் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாக உறுதி செய்து பதில் அனுப்பவும்.

மெயில் இவ்வளவுதான். WCHS-ஐ விட்டுவிடாதே மக்களே, போன தடவை சென்னை போனபோது வெறும் வீல்சேர் என்று போட்டு, ஏணியடியில் நாற்காலியை நிறுத்திவிட்டு ஏறுங்கம்மா என்றார்கள், ஆச்சி கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி ஊன்றி ஏற, பின்னால் வரிசையே நின்றது. DBML-இல் கோழியோ மீனோ வரலாம், அதனால்தான் அந்த AVML வரி. அப்புறம், ஏகாதசி பற்றி எழுதச் சொல்லி ஆச்சி நச்சரிப்பாள், அதை எழுதாதே, ஏர்லைன்ஸ்காரன் குழம்பிப்போவான். பெயரைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அடி. களியக்காவிளையிலிருந்து நானே காரில் கொண்டுவிடுகிறேன், பதில் வந்தால் உடனே எனக்கு அனுப்பு, பிரிண்ட் எடுத்து ஆச்சி பையில் வைக்கணும்.